முன்னால் இரண்டா, மூன்றா

பிப்ரவரி 6, 2018. தராஸ்

எரிவாயு மீட்டரின் காகிதத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. 1984ஆம் வருடத்துப் பையடக்க டைரி கிடைத்தது. ஜூலைப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண், என் கையெழுத்தில் இல்லை. 44 என்று ஆரம்பிக்கும் ஆறு இலக்கங்கள். கீழே, "ஒரின்பசார். எந்த நேரமானாலும் கூப்பிடு, முழிச்சுத்தான் இருப்பேன்."

டைரியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மனைவி நூரிலா மீட்டர் காகிதம் எங்கே என்றாள். இன்னும் தேடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 7

பனி. வாசலைக் கூட்டினேன். டைரியை மறுபடி எடுத்தேன்.

பிப்ரவரி 9

எழுதிவிடுகிறேன். இதை நூரிலா படிக்கமாட்டாள், என் எழுத்து அவளுக்குப் புரியாது.

அப்போது நான் அல்மாத்திக்கு மேலே, மலையில், பனி ஏரியின் நீர்மட்டம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஏரி உடைந்தால் சேறும் பாறையுமாகப் பள்ளத்தாக்கே கீழே வரும். என் சிநேகிதன் ஒரின்பசார், கீழே நகரத்தில் எச்சரிக்கைப் பொறியாளர். ஆகஸ்டில் ஒருநாள் மாலை நீர் ஒரு மணி நேரத்தில் முப்பது சென்டிமீட்டர் ஏறியது. அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. இந்த எண்ணைச் சுழற்றினேன். அவன் எடுத்தான். கீழே முகாமில் முந்நூறு பள்ளிப் பிள்ளைகள். எல்லோரையும் மழையில் மேட்டுக்கு ஏற்றினான்.

ஏரி உடையவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம்.

பிள்ளைகளில் யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மகளுக்குச் சளி பிடித்தது. எங்கள் தலைவர் சபிர்கான் ஒரு கடிதம் எழுதினார்: அன்று மாலை ஒரின்பசார் குடித்திருந்தான், ஏரியிலிருந்து எந்த அளவும் வரவில்லை, அவனாகக் கற்பனை செய்தான். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். நான் மூன்றாவது. அளவைச் சொன்னவன் நான். குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இல்லாமல் போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கிழித்தேன்.

அவனுக்கு வேலை போயிற்று. அரசு வீட்டுக்குக் காத்திருப்போர் வரிசையில் எனக்கு முன்னிடம் வந்தது.

பிப்ரவரி 10

கூப்பிடலாம் என்று முடிவு செய்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

கைப்பேசியில் ஆறு இலக்கத்தை அழுத்தினேன். எண் தவறு என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் சொன்னது. தவறில்லை என்று நான் ஒரு மொழியில் சொன்னேன். நூரிலா எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட சண்டை போடுற, கிழவா?"

"மிஷின்கிட்ட."

"ஜெயிச்சா சொல்லு."

பிப்ரவரி 13

தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண். எண்ணைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஐயா, இது எந்தக் காலத்து நம்பர்? அல்மாத்தி இப்போ ஏழு இலக்கம். மாறி பத்து வருஷம் ஆச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா."

"பேப்பர்ல போட்டாங்க."

அவள் தாளில் எழுதிக் காட்டினாள். முன்பு ஊரின் குறியீடு 3272, அதன் பின் ஆறு இலக்கம். இப்போது குறியீடு 727. பழைய குறியீட்டின் முதல் 3 ஏழாகிவிட்டது, கடைசி 2 நகர்ந்து எண்ணின் தலையில் உட்கார்ந்துவிட்டது. மொத்தத்தில் இப்போதும் பத்து இலக்கம்தான், வெட்டும் இடம்தான் வேறு. ஆனால் சில எண்களுக்கு முன்னால் வந்தது மூன்று.

"என்னோடதுக்கு இரண்டா, மூன்றா?"

"இரண்டாத்தான் இருக்கும். இல்லன்னா மூணு போட்டுப் பாருங்க. வீட்டு போன்லேர்ந்துன்னா முதல்ல எட்டு. அப்புறம் நீளமா ஒரு சத்தம் வரும் பாருங்க, அது வர்ற வரைக்கும் பொறுங்க."

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

"எல்லாத்தையும் மாத்தினாங்க, அதை மட்டும் விட்டுட்டாங்க" என்றாள், ஏதோ அவளே இரக்கப்பட்டு விட்டுவைத்ததுபோல.

பிப்ரவரி 14

கோழையாகத்தான் ஆரம்பித்தேன். முதலில் மூன்று போட்டேன். அப்படி எண் இல்லை என்றது. நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

பிப்ரவரி 15

எட்டு. நீளமான சத்தம். 727. இரண்டு. பிறகு அந்த ஆறும்.

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள். பெண் குரல், வயதானது. "சொல்லுங்க." நான் சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

ஒரு நிமிடம் கழித்து எங்கள் தொலைபேசி அடித்தது.

"இப்போ கூப்பிட்டது நீங்கதானே? உங்க நம்பர் என் போன்ல தெரியுது. கூப்பிட்டா பேசணும். மூச்சு விடுறதுக்கா கூப்பிட்டீங்க?"

மன்னிக்கணும், ஒரின்பசாரைத் தேடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். உட்கார்ந்தாள் போலிருக்கிறது.

"அவர் இங்கே இல்லை. தொண்ணூத்தாறுல போனார். நான் பக்கத்து வீடு. என் பேர் ஜினைதா பாக். அவர் வீட்டை என் பையனுக்கு வாங்கினோம், நடுச்சுவரை இடிச்சோம். வீட்டோட போனும் வந்துச்சு. எங்க பழைய நம்பருக்கும் டாக்சி நிலையத்துக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். பதினாறு வருஷம் ஊர்ல பாதிப் பேர் எங்கிட்டதான் டாக்சி கேட்டாங்க. அதை ஒப்படைச்சுட்டு இதை வச்சுக்கிட்டோம்."

நல்லது செய்தீர்கள் என்றேன்.

"அவரை எனக்குப் பிடிக்காது, தெரியுமா? ரெண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. நம்பர் வேற வேற, கம்பி ஒண்ணு. அவர் எடுத்தா என் போன் செத்துப்போயிடும், காதுல வச்சா குழி மாதிரி இருக்கும். எனக்கு வெளியிலேர்ந்து கூப்பிடுறவங்களுக்கு, வேற யாரோ பேசிட்டிருக்காங்கன்னு விட்டு விட்டுச் சத்தம் கேக்கும். அவருக்கு போன் பண்ணித் திட்டவும் முடியாது, ஒரே கம்பியில ரெண்டு பேரும் பேச முடியாதே. சுவத்தைத்தான் தட்டணும்."

எனக்கு அந்த ஏற்பாடு தெரியும். அந்தக் காலத்தில் தனிக் கம்பி வேண்டுமென்றால் பத்து வருடம் வரிசையில் நிற்கவேண்டும்.

"ஒருநாள் மழை" என்றாள். "எண்பத்திநாலு. எங்க அக்காவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். இவர் ரெண்டு மணி நேரம் கம்பியை விடல. தட்டினேன், தட்டினேன், நிறுத்தல. கடைசியில சுவத்துல காதை வச்சேன். முகாம், போலீஸ், பஸ் நிலையம்னு ஒவ்வொருத்தரா கூப்பிடுறார். பிள்ளைங்களை மேட்டுக்கு ஏத்துங்கன்னு. ஒவ்வொரு இடத்துலயும் அதே வார்த்தை, அதே அளவு, முப்பது சென்டிமீட்டர்னு. அப்புறம் அவர் குடிச்சிருந்தார்னு வேலையை விட்டுத் தூக்கினாங்க. குடிச்சவனாலே ஒரே வாக்கியத்தைப் பதினாலு தடவை அப்படியே சொல்ல முடியுமா? எங்கிட்ட யாரும் வந்து கேக்கல."

நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"பிழைச்சா. இன்னும் இருக்கா. அவளையும் எனக்குப் பிடிக்காது."

ஒரின்பசாரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தாள். தல்காரில் இருக்கிறானாம், ஆப்பிள் மரம் வளர்க்கிறானாம். நீங்கள் யார் என்றாள். பழைய சிநேகிதன் என்றேன். அது பொய். அந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உண்மை.

பிப்ரவரி 16

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 19

கூப்பிடவில்லை. மீட்டர் காகிதம் கிடைத்தது.

பிப்ரவரி 22

கூப்பிட்டேன். குரல் அப்படியே இருந்தது.

"கென்ஜெதாய் பேசுறேன்" என்றேன்.

"தெரியுது. நீ சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. இழுத்து இழுத்து மூச்சு விடுறே, ஏரியில இருந்தப்பவும் அப்படித்தான்."

தராஸில் பனி எப்படி என்றான். சொன்னேன். அங்கே எப்படி என்றேன். சொன்னான். மரங்களுக்கு எலி வந்ததைச் சொன்னான். என் இரத்த அழுத்தத்தைச் சொன்னேன். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று விசாரித்தான், அளவென்றால் அவனுக்கு இன்னும் ஆசை. பன்னிரண்டு நிமிடம் பேசினோம். பிறகு அவனே கேட்டான்:

"அந்தக் கடிதத்துக்காகக் கூப்பிட்டியா? அதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஆறு பேர் கூப்பிட்டுட்டாங்க. வயசாக ஆக ஒவ்வொருத்தரா வர்றாங்க. நீ அதுக்காகன்னா சொல்லிடு, நான் உக்காந்துக்கிறேன்."

"இல்ல" என்றேன். "சும்மா. பழைய டைரியில நம்பர் இருந்துச்சு."

"சரி" என்றான். மறுபடி ஒருமுறை, "சரி."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலேயே இருந்தது. எழுபத்தாறு வயது. யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

பிப்ரவரி 23

நூரிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கடிதத்தாலதான் நமக்கு வீடு கிடைச்சுதா?"

"ஆமா."

"நான் அந்த வீட்டுல பிள்ளை பெத்தேன்."

எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இறைச்சி வைக்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

மார்ச் 2

ஒரின்பசார் அவனாகவே கூப்பிட்டான்.

"உங்க ஊர்லதான் சபிர்கான் இருக்கார்னு கேள்விப்பட்டேன். பக்கவாதமாம், பேச்சு போயிடுச்சாம். உயிரோட இருக்காரான்னு போய்ப் பாரேன்."

"உனக்கு எதுக்கு?"

"ஆறு பேர் கூப்பிட்டாங்க, எழுதினவர் கூப்பிடல. கூப்பிட முடியலையா, கூப்பிட இஷ்டமில்லையான்னு தெரிஞ்சா போதும்."

மார்ச் 5

நூரிலா பவுர்சாக்கைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வா" என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம்.

சபிர்கானின் மருமகள் கதவைத் திறந்தாள். அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது பக்கம் முழுக்க அசைவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, சொல்தான் வரவில்லை. மடியில் பலகை, தாள், இடது கையில் பென்சில். என்னைப் பார்த்ததும் "மூன்றாவது" என்று எழுதினார். கையெழுத்து வரிசை அவருக்கும் நினைவிருக்கிறது.

ஒரின்பசார் அனுப்பினான் என்றேன். பிறகு எழுதினார்: "போன் ஊமைக்கு ஆகாது."

என் கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டு, மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தேன். எண்ணை அழுத்தினேன். அவன் எடுத்தான்.

"சபிர்கான் பக்கத்துல இருக்கார். நீ பேசுறது அவருக்குக் கேக்கும். அவர் எழுதுவார், நான் படிக்கிறேன்."

"ரெண்டு பேரும் ஒரே கம்பியிலயா" என்றான். "சரி, படி."

இடது கையால் எழுதுவதற்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் அவன் அவசரப்படுத்தவில்லை. எங்கோ ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. சபிர்கான் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீ குடிக்கவில்லை. அளவு வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் எழுதினேன்."

தாளில் இருந்தது அதுதான். நான் படித்தேன்: "நீ குடிக்கல. அளவு வந்துச்சு. நான்தான் சொன்னேன், முப்பது சென்டிமீட்டர். பக்கத்தைக் கிழிச்சதும் நான்தான். எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சோம்."

சபிர்கான் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கையால் பென்சிலை என் பக்கம் தள்ளினார்.

"அவ்வளவும் அவர் எழுதினதா?" என்றான் ஒரின்பசார்.

"இல்ல. பாதி என்னோடது."

நாய் குரைப்பது நின்றுவிட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது, இழுத்து இழுத்து, இந்த முறை அவன்.

"கிழிச்சது நீன்னு எனக்குத் தெரியாது" என்றான். "முப்பத்திநாலு வருஷமா நான்தான் தப்பாக் கேட்டுட்டேனோன்னு நினைச்சிட்டிருந்தேன். முப்பதா, மூணான்னு."

"முப்பது."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். வைத்துவிட்டான்.

மார்ச் 11

அழைப்பு இல்லை. நானும் கூப்பிடவில்லை. நூரிலா தட்டில் இறைச்சி வைத்தாள்.

மார்ச் 24

தபாலில் தல்காரிலிருந்து ஒரு பெட்டி. ஆப்பிள். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. பாதி அழுகிவிட்டது. மீதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சபிர்கான் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.