விட்டுப்போன தொட்டி

ஞாயிறு, இரவு.

ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் வகுப்பில், மோசே பாலைவனத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அட்டையில் செய்த சாமான்களை மேஜைமேல் வரிசையாக வைத்தேன். வாசலில் பலிபீடம், அது சிலுவையைக் காட்டுகிறது. உள்ளே வலப்பக்கம் தேவனுக்கு முன் அப்பம் வைக்கும் சமுகத்தப்ப மேஜை, ஆண்டவரே ஜீவ அப்பம். இடப்பக்கம் குத்துவிளக்கு, அவரே ஒளி. திரைக்கு முன்னால் தூபபீடம், நமக்காக அவர் செய்யும் வேண்டுதல்.

பின்வரிசையில் ஸ்டெல்லா ஆன்ட்டி சிரித்தார். "என்னம்மா, கை கழுவாமலே உள்ள பூந்துட்டே?"

கைகால் கழுவும் வெண்கலத் தொட்டியின் அட்டை மாதிரி என் பையிலேயே இருந்தது. பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் எடுத்து வைத்தேன்.

அவர் கணவர் விடவில்லை. "பலிதான் ஆயிடுச்சே. மறுபடி எதுக்குக் கழுவணும்?"

"பலி ஒரே தடவை, அங்கிள். கழுவுறது ஒவ்வொரு தடவையும். ஆசாரியன் கைகால் கழுவாம உள்ள போனா செத்துடுவான். பெண்கள் குடுத்த முகம்பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகள்ல செஞ்ச தொட்டி அது."

சொல்லும்போதே வெள்ளிக்கிழமை நான் செய்தது நினைவுக்கு வந்தது.

அன்று, நான் வேலை பார்க்கும் ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில், நடக்காத ஒரு பரிசோதனையைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாத்திரைகள் நாளைக் காலை லாரி ஏறும். இந்த வேலை போனால், அம்மாவிடம் என்ன சொல்வேன்?

சற்றுமுன் மேலாளருக்கு அனுப்பினேன்: 'அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. லாரியை நிறுத்துங்கள்.'

படித்துவிட்டார்.

போன் அடிக்கிறது. அவர்தான்.