நீ மென்ற சீட்டு

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு, அம்மா பூவிழியும் நைனா தேவேந்திரனும் எழுதுவது. நீ இதைப் படிக்கும்போது எந்த ஊரில், யாரோடு இருப்பாயோ தெரியாது. எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து, நோய் நொடி இல்லாமல் இரு. இன்று உனக்கு முதல் பிறந்தநாள். மேலே இரண்டு கீழே இரண்டு பல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடை, காக்காவையும் நைனாவையும் ஒரே மாதிரி கா என்றுதான் கூப்பிடுகிறாய், அவித்த இறால் வேண்டும், பருப்பு சாதம் என்றால் துப்பல். இதெல்லாம் எங்களுக்கே மறந்துபோகும் என்றுதான் போன மாசம் அம்மா நான் ஒரு கடிதம் எழுதினேன். எல்லோருக்கும் நீ செல்லம், ஊரே உன்னைக் கொண்டாடுது என்று ஒரே சர்க்கரைப் பாகு. இன்று காலை நடந்ததற்குப் பிறகு அதை எடுத்துப் படித்தேன், கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதுதான் நிஜக் கடிதம்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று பெயர், உனக்கு அது தெரியாமலே போகலாம். நம் குப்பத்தில் ஆம்பிளைகள் பேரைச் சீட்டில் எழுதிச் சுருட்டிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். முதலில் வரும் பேருக்கு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம். கள்ளம் தெரியாத பிள்ளைதான் சீட்டு எடுக்க வேண்டும், அதுவும் பையன். எப்போதும் எடுக்கும் பையனுக்கு இன்று அம்மை போட்டிருந்தது. எம்மவளுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு, அவ எடுக்கட்டும்னு நைனா உன்னைத் தூக்கிக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். உன் பெரியப்பா அர்ஜுனன், நைனாவின் சொந்த அண்ணன், பொட்டப்புள்ள கை பட்டா பாடு வெளங்குமா, இன்னா பேச்சு இதுன்னு குதித்தார். சீட்டு எழுதும் கேசவன் மாமாதான், ஒரு வயசுப் புள்ளைல ஆணு இன்னா பொண்ணு இன்னான்னு அடக்கினார்.

நீ குடத்தில் கையை விட்டாய். ஒரு சீட்டை எடுத்தாய். நேராக வாயில் போட்டாய். அவித்த இறால் என்று நினைத்தாயோ என்னவோ. நான் எட்டுவதற்குள் பெரியப்பா பாய்ந்து வந்து விரலை உன் வாயில் விட்டார். சீ, அந்த விரல்! எந்நேரமும் புகையிலையை உள்ளங்கையில் கசக்கி உதட்டுக்குள் அடக்குகிற விரல், நகத்தடியில் மஞ்சளாய் அழுக்கு. தொண்டை வரைக்கும் குடைந்தார், உன் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. நீயும் சும்மா இல்லை, நன்றாகக் கடித்தாய். வெளியே வந்தது மை கரைந்த கூழ், பேர் தெரியவில்லை. செல்லாது, பொட்டச்சி எடுத்தது செல்லாது, மறுபடி குலுக்குன்னு அவர் கத்த, நீ வீறிட்டு அழ, அத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தர்கூட உன் வாயைப் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தக் கூழைத்தான் பார்த்தார்கள். மீதிச் சீட்டையெல்லாம் பிரிங்கப்பா, எந்தப் பேரு இல்லியோ அதான் புள்ள எடுத்ததுன்னு கேசவன் மாமா சொன்னார். பிரித்தார்கள். இல்லாத பேர் அர்ஜுனன்.

அந்த மனுசன் முகம் மாறின வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். எங்க வூட்டு மகாலட்சுமிடா இதுன்னு உன்னை என் கையிலிருந்து பிடுங்கி, புகையிலை எச்சில் ஒழுகுகிற வாயால் கன்னத்தில் முத்தம் வைத்தார். செல்லாதது செல்லுபடியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், என் கையைவிட்டு இன்னும் அந்த நாற்றம் போகவில்லை. சாயங்காலம் கேக் வெட்டும்போது முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தவரும் அவர்தான். த்தூ!

இதை எழுத உட்கார்ந்ததும், அண்ணன்தானே, நாளைக்கும் ஒரே ஏரியில் எறங்கணும், புள்ளைக்கு எதுக்கு இந்தக் கசப்புன்னு நைனா கேட்டார். நாளைக்கு இவர் உன் கல்யாணப் பந்தலில் நின்று, மகாலட்சுமின்னு நாந்தான் மொதல்ல சொன்னேன்னு பீற்றிக்கொள்வார், நீ காலில் விழுவாய், அதை என்னால் பார்க்க முடியாது என்றேன். நைனா பென்சிலைச் சீவிக் கொடுத்தார். பேனா மை உன் எச்சிலுக்கே கரைந்துவிட்டது, இந்த உப்புக் காற்றுக்கு எத்தனை வருசம் தாங்கும்? லேமினேஷன் வேண்டாம், காகிதம் பழுத்துவிடும் என்று போட்டோ எடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் சொன்னார். ரப்பர் பேண்டு இளகி ஒட்டிக்கொள்ளும், அதனால் பருத்தி நூல். தகரப் பெட்டி துருப்பிடிக்கும், அதனால் மூடி இறுகின கண்ணாடி பாட்டில். புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வரும், ஆகவே இதைப் பார்த்து இன்னொன்று எழுதி எளாவூரில் உன் சித்தியிடம் கொடுக்கிறேன். இருபது வயதில்தான் பிரிக்கணும், அதற்கு முன்னால் என்றால் சண்டைக்குப் போவாள் என்பது நைனாவின் கட்டளை.

நூறு வருசம் நன்றாக இரு கண்ணே. நிறைய சாப்பிடு, நிறைய படி. நைனா அந்தக் கூழைப் பொறுக்கி வந்து நிழலில் காய வைத்திருக்கிறார், இதோடு மடித்து வைக்கிறோம். அதில் பேர் தெரியாது, உன் நாலு பல்லும் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதே, உன் வாயில் எவன் விரலை விட்டாலும் இன்று கடித்த மாதிரியே கடி.

இப்படிக்கு,
உன் அம்மா பூவிழி,
நைனா தேவேந்திரன்