மாத்தேயோவின் தம்பியிடம் நான் சொன்னது

என் மச்சான் ஜெரோமுக்கு,

இன்று காலை மாத்தேயோவிடமிருந்து ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல் வந்தது: "த்ரங்கீலோ." பரவாயில்லை, விடு என்று பொருள். ஆதாரம், என் கைபேசி. அதற்கு மேல் எதையும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

நீ ஊரை விட்டுப் போன பிறகும் நம் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து அணி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் அம்பத்தூர் ஃபேக்டரிக்கு மெக்சிகோவிலிருந்து வந்த மாத்தேயோதான் இன்னும் கோல்கீப்பர். அவனோடு ஸ்பானிஷ் பேச மிச்சமிருப்பது, உன் பைக் பின்சீட்டில் அதைக் கற்றுக்கொண்ட நான் மட்டும்தான்.

போன வாரம் ஆவடியில் நாலு கோல் வாங்கித் தோற்றோம். கடைசிப் பந்து அவன் கால்களுக்கு நடுவே போனது. நம்ம குமார் அவன் தோளில் கை போட்டு, "இன்னா மாமே, கேட்டைத் தொறந்து வெச்சுகினு நின்னியா?" என்றான். ஒரு சொல் புரியாமலே மாத்தேயோ சிரித்துவிட்டான்.

அடுத்து நான். மெக்சிகோவிலிருந்து வந்திருந்த மாத்தேயோவின் தம்பி பக்கத்தில் நின்றான். அவனிடம் திரும்பி, "கோன் எஸ்தே போர்தேரோ, பாரா கே கெரேமோஸ் ரிவாலேஸ்?" என்றேன். இப்படி ஒரு கோல்கீப்பர் இருக்க நமக்கு எதிரணி எதற்கு? தம்பி சிரித்தான். மாத்தேயோ கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்காமல் போய்விட்டான்.

வாக்கியத்தில் பிழையில்லை, மச்சான். மெக்சிகோக்காரர்களும் சொல்வதுதான். ஆனால் நீ எப்படிச் செய்வாய் என்று பிறகுதான் யோசித்தேன். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய்: "ஓயே, மாத்தேயோ." பிறகு, "இன்னிக்கு லீவுல இருந்தியா?" என்பாய். இன்றைய ஆட்டத்தைத்தான் தொடுவாய், ஆளைத் தொட மாட்டாய். உடனே, "யோ தாம்பியேன்", நானும்தான், என்று உன்னையும் சேர்த்துக்கொள்வாய். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாய். "நீ வருஷம் பூரா லீவுதானே!" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். அந்த இடத்தை நீ அவனுக்கென்றே விட்டு வைத்திருந்தாயா?

நானோ அவனை நிற்க வைத்துக்கொண்டு, அவனைப் பற்றி அவன் தம்பியிடம் பேசினேன். பதில் சொல்ல அவனுக்கு எங்கே இடம்?

நேற்று எழுதினேன்: "பெர்தோனா, மாத்தேயோ. மே பாசே." மன்னித்துவிடு, எல்லை மீறிவிட்டேன். கூடவே சிரிப்பு எமோஜி எதையும் ஒட்டவில்லை. அதற்குத்தான் அந்த ஒற்றைச் சொல்.

மன்னித்துவிட்டானா, மரியாதைக்குச் சொன்னானா? வரும் ஞாயிறு காலை தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவன் என்னைக் கிண்டலடித்தால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். எத்தனை கோல் விட்டாலும், அவன் பேசும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மச்சான்,
பாலு