சாய்ந்த தலைக்கு ஒரு பட்டத் தொப்பி

என் அருமைச் சோம்பேறி அண்ணனுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பட்டமளிப்பு விழாவுக்கு வரச்சொல்லி காலேஜிலிருந்து கடிதம் வந்த அன்று நீ என்ன சொன்னாய்? "வாடகைக் கவுன மாட்டிக்கிட்டு வெயில்ல நிக்கணுமாக்கும். சர்ட்டிபிகேட்டு தபால்ல வரும், போ." வந்தது. அந்த உறையைக்கூட நீ பிரிக்கவில்லை, அம்மாதான் பிரித்தாள். அன்று ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால், நான் இப்படிப் பொன்னமராவதி ஸ்டுடியோவுக்கு நடையாய் நடந்திருக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பட்டமளிப்பு போட்டோ வந்தது. நேரில் போய், வரிசையில் நின்று, முறையாக எடுத்தது. அதை மாட்ட ஆணியோடு ஸ்டூலில் ஏறிய அப்பா, அப்படியே இறங்கிவிட்டார். "அவனுந்தான பாஸ் பண்ணான்? ரெண்டு பேரும் ஒரே பிரேம்ல இருக்கட்டும்" என்றார். நீ பைக்கில் போய்த் திரும்பாமல் போனதிலிருந்து, உன்னைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. முடியாது என்று யார் சொல்வது?

ஆனால் படத்துக்கு எங்கே போவது? உன் போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒன்றில் கூலிங்கிளாஸ். ஒன்றில் வாய் நிறையப் புரோட்டா. ஒன்றில் கேமராவுக்கு முதுகு. கண்ணைத் திறந்து, முகம் முழுசாகத் தெரிய நீ சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. நாம் நார்த்தாமலைக்குப் போனபோது பாறை மேல் நின்று எடுத்தோமே, அது. உன் வலப் பக்கத்தில் நான், உன் தோளில் என் கை. என் உயரத்துக்கு இறங்கி என் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாய். குட்டச்சி என்று கேலி பண்ணத்தானே அப்படிச் சாய்ந்தாய்?

ஸ்டுடியோ அண்ணன் என் செல்லில் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது வாட்ஸ்அப்புல சுத்திச் சுத்தி வந்த படம்மா. பெருசு பண்ணா மூஞ்சி கட்டங்கட்டமா ஒடஞ்சிரும். எடுத்தவங்க போன்ல இருக்க ஒரிஜினல டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க." எடுத்தது உன் சிநேகிதன் பாண்டி. அவன் இப்போது சிங்கப்பூரில். நல்லவேளை, அழிக்காமல் வைத்திருந்தான். அனுப்பிவிட்டு, "அவனுக்குக் கவுனா?" என்று கேட்டான்.

முதல் படம் ஒரே நிமிஷத்தில் ரெடி. உன் முகத்தை ஒரு ஏஐ ஆப்பில் போட்டு, கவுன், தொப்பி என்று தட்டினார், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். உற்று உற்றுப் பார்த்தாள். "நல்லா லெச்சணமா இருக்கானே. யாருத்தா இந்தப் பையன்?" என்றாள்.

தலையை நிமிர்த்துகிறேன் என்று அந்த ஆப் முகத்தையே புதிதாக வரைந்திருந்தது. இடக் கண்ணுக்குக் கீழே உள்ள மச்சம் இல்லை. உடைந்த முன்பல்லை முழுசாக்கிவிட்டது. நிறமும் ஏகத்துக்கு வெளுப்பு. நம் வீட்டுக் கூடத்தில் ஊர் பேர் தெரியாத ஒருத்தனையா மாட்டி வைப்பது?

மறுநாள் போய், "எங்கண்ணன் மூஞ்சில கையே வைக்கக் கூடாதுங்க. மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்" என்று பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு எரிச்சல்தான். எனக்கு மட்டும் என்ன, குளுகுளு என்றா இருந்தது?

உன் முகத்தையும் கழுத்தையும் மட்டும் ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுத்தார். கவுன், வெள்ளைச் சட்டை, டை எல்லாம் வேறு யாரோ ஒருத்தர் படத்திலிருந்து. அவர் கழுத்து உன்னைவிடச் சிவப்பு. அதனால் உன் கழுத்தைக் காலர் வரை இறக்கி, தாடைக்குக் கீழே நிழல் வைத்தார். நார்த்தாமலையில் வெயில் உனக்கு வலப் பக்கமிருந்து, கவுனுக்கோ வெளிச்சம் இடப் பக்கமிருந்து. கவுனைத் திருப்பிப் போட்டு வெளிச்சத்தை ஒன்றாக்கினார். காற்றில் பறந்த உன் முடியைக் காதோரமாக அடக்கினார். உயிரோடு இருந்தபோது எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி.

தொப்பிதான் உயிரை வாங்கியது. முதலில் நேராக வைத்தார். தலை சாய்ந்து, தொப்பி மட்டும் நேராக, தட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அப்புறம் தலைக்குத் தக்கபடி தொப்பியைச் சாய்த்தார். குஞ்சமும் கூடவே சாய்ந்து அந்தரத்தில் நின்றது. "குஞ்சம் நேராத்தானங்க தொங்கும்?" என்றேன். "எல்லாத்தையும் நீங்களே சொன்னா நான் எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கிவிட்டார். தொப்பி விளிம்பின் நிழலை நெற்றியில் மெல்லப் பூசியதும்தான் தொப்பி உன் தலையில் உட்கார்ந்தது. அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஸ்டுடியோ அண்ணன் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

இத்தோடு முடிந்ததா? அப்பா இருக்கிறாரே. ஊரில் எல்லார் வீட்டுப் பிரேமிலும் மூத்த பிள்ளை இடது பக்கம், இளையது வலது பக்கம். அந்த வரிசையில் அச்சுப் போட்டால், நீ பிரேமுக்கு வெளியே சுவரைப் பார்த்துச் சாய்கிறாய். நான் இந்தப் பக்கம் தனியாக நிற்கிறேன், நமக்குள் ஏதோ சண்டை போல. ஸ்டுடியோ அண்ணன், "பையன் படத்தக் கண்ணாடி மாதிரி திருப்பிருவோம்" என்றார். திருப்பினால் மச்சம் வலக் கண்ணுக்குக் கீழே போய்விட்டது. அம்மா ஒரே பார்வையில், "வேணாம், எம்புள்ள இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அப்ப நா இடது பக்கம் வாரேன், அண்ணன் வலது பக்கம் இருக்கட்டும்" என்றேன். அப்பா கேட்கவே இல்லை. "மூத்தவன்தான் மொதல்ல. அவன் போய்ட்டான்னு அவன் எடத்தையும் எடுத்துருவீகளா?" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உன்னோடு கோபம், அவரோடு கோபம், அந்தக் குஞ்சத்தோடுகூடக் கோபம் எனக்கு. வேறென்ன செய்ய?

இரண்டு படத்தையும் தனித்தனியாகச் சின்ன அச்சு எடுத்துவந்து, அப்பா சொன்ன வரிசையிலேயே கட்டிலில் வைத்தேன். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்கிட்டு யாரப் பாக்குறான் இவன்?" என்று தனக்குத்தானே கேட்டார். அப்புறம் நார்த்தாமலைப் படத்தை என் செல்லில் காட்டச் சொன்னார். உன் தோளில் இருந்த என் கையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த உன் படத்தை எடுத்து, மறுபக்கம், என் படத்துக்கு வலது பக்கமாக வைத்தார்.

"இவ குட்டை. குனிஞ்சாத்தான் அவனுக்குக் காது கேக்கும்" என்றார்.

பிரேம் இப்போது கூடத்தில் இருக்கிறது. மாலை போடவில்லை, அம்மா விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "தம்பி தல கொஞ்சம் சாஞ்சிருக்கே, கம்ப்யூட்டர்ல நேராக்கிறலாமே" என்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. வலித்தாலும் பரவாயில்லை. நான் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும், வேறு வீட்டுக்குப் போன பிறகும், அந்தத் தலையை நிமிர்த்த ஒருத்தரையும் விட மாட்டேன். நீ குனிந்தே இரு. எனக்கு உன்னிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

கோபம் தீராத, உன் தோள் உயரமே இருக்கிற
தங்கச்சி,
குட்டச்சி