எட்டாவது சுரம்

மார்ச் 4, செவ்வாய்

நாடகம் இயக்கும் நிருஜன் கேட்டே விட்டான். "மலரக்கா, முப்பத்தொரு வருஷமாச் செய்தி எழுதுறியள். எங்கட இசை நாடகத்துக்கு ஒரு பாட்டு எழுத ஏலாதோ?"

ஓம் என்று சொன்ன வேகத்தில் கோப்பை சரிந்து தேநீர் கொட்டியது. இருபது வயதிலிருந்து இருக்கும் ஆசை இது. ஒருவருக்கும் சொன்னதில்லை.

பாத்திரத்தின் பெயர் பூரணி. ரயில் பெட்டிகளைத் துடைப்பவள். ஆட்களைப் பார்த்தால் குனிந்துகொள்வாள். அந்த ரயிலைத் தானே ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய ரகசியம். ஆளில்லாப் பெட்டியில் அவள் பாடும்போதுதான் அது நமக்குத் தெரியவேண்டும். மெட்டு தயார். கடைசி வரிக்கு எட்டுச் சுரம்: மூன்றாவதும் ஐந்தாவதும் நீளம். எட்டாவது உச்சி, நாலு தாளம் நிற்கும்.

சனிக்கிழமை பாட்டு சரிவராவிட்டால் வெட்டிவிட்டு வசனம் வைப்பானாம்.

மார்ச் 6

"ரயில் ஓட்ட எனக்காசை." விரல் விட்டு எண்ணினேன் — எட்டு! முதல் வரியும் அதுவே, கடைசி வரியும் அதுவே.

மார்ச் 8, சனி

செவன் கிங்ஸ் மண்டபத்தில் ஒத்திகை. பூரணியாக நடிக்கும் கோசிகா பாடினாள். ஐந்தாவது சுரத்தில் குறில் விழுந்ததால் 'எனக்கு' இழுபட்டு 'ஏனக்கு' ஆனது. "'சை'யில நாலு தாளம் நிக்க ஏலாதக்கா, வாய் மூடிப்போகுது."

நிருஜன் சிரித்தான். "தலைப்புச் செய்தியை முதல் வரியிலயே போட்டிட்டியள். மிச்ச மூண்டு நிமிஷம் அவள் என்னத்தைப் பாடுறது?"

சரிதானே! முக்கியமானதை முதலில் சொல் — தொழில் கற்பித்தது அது. கூச்சக்காரி அப்படிச் சொல்வாளா? நாளை மாலை வரை தவணை.

மார்ச் 9

பேருந்தில் வந்தது! பூரணி சுற்றிச் சுற்றித்தான் வருவாள். கதவைத் துடைப்பாள், கம்பியைத் துடைப்பாள், முன்கண்ணாடிக்கு மட்டும் இரண்டு தரம். எந்த நிலையத்துக்குப் பிறகு எந்த வளைவு என்று முணுமுணுப்பாள். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில்:

"இதை ஓட்டப் போறவள் நான்."

மூன்றில் 'ஓ', ஐந்தில் 'போ', உச்சியில் வாய் திறந்த 'ஆ'. 'நான்' என்ற சொல் பாட்டில் அங்கே மட்டும்தான்.

கோசிகா தொலைபேசியிலேயே பாடிக் காட்டினாள். நிருஜன்: "பாட்டை வெட்டேல்ல அக்கா. நோட்டீசில உங்கட பேர் போடுறன்."

வேண்டாம் என்றேன். எல்லாச் செய்தியும் 'நமது நிருபர்' என்றே போனது. பழக்கம்.

மார்ச் 29, சனி

விம்பிள்டன் அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிச் சொல்லுக்கு முன் கோசிகா மூச்செடுத்தாள், பிறகு 'நான்' என்று நாலு தாளமும் நின்றாள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

இடைவேளையில் கோப்பிக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற பெண் நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தத் துடைக்கிற பிள்ளையின்ர பாட்டு ஆர் எழுதினது? பேரே இல்லை."

"நான்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றான் பின்னால் நின்ற நிருஜன், "அந்த 'நான்'ல நாலு தாளம் நிண்டியள்."