வாப்பா உரித்த கிழங்கு

ஜூன் 3, 2024
சுபஹு தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனேன். உள்ளே வைக்கும் கறி ஆறுவதற்குள் சுற்றப் பார்த்ததில் ரொட்டி கிழிந்து, எண்ணெயில் மூன்று ரோல்ஸ் வெடித்துவிட்டன. அவசரப்பட்டால் இப்படித்தான். வாப்பா கதிரையில் இருந்து அடுத்த கறிக்கு அவித்த கிழங்கை ஒற்றைக் கையால் உரித்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு இடது கை அசைவதில்லை. சட்டியை முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு உரிக்கிறார்.

முதல் பஸ்ஸில் திகனயிலிருந்து கண்டிக்கு. பெட்டியை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மூடினால் ஆவி பட்டு ரஸ்க் தூள் நமத்துவிடும். ஷிராஸ் நானாவின் தேத்தண்ணிக் கடையில் கொடுத்தேன். விற்காததைப் பின்னேரம் திருப்பி எடுக்க வேணும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு புவியியல் படித்த யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று இன்றும் துஆ கேட்டேன்.

ஜூன் 9
ஹபீலா சாச்சி வந்தா. உம்மாவின் தங்கச்சி. "என்ன இவ்வளவு எண்ணெய் வாசம்?"

"வாப்பாக்கு ஆசையாம், கொஞ்சம் பொரிச்சம். எனக்கு ஒன்லைன்ல படிச்சிக் குடுக்கிற கிளாஸ் ஈக்கி சாச்சி" என்றேன். உம்மா குனிந்துகொண்டா.

சாச்சி போனதும் வாப்பா கிழங்குச் சட்டியைத் தள்ளி வைத்தார். "வெக்கமா மகள்?" கோணிய வாயிலிருந்து சிரமப்பட்டு வந்த சொல்.

நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை?

ஜூன் 10
விடிய முன்னம் வாப்பா மூச்சு நின்று மௌத்தாகிட்டார். நேத்து ராவே சொல்லியிருக்கலாமே — இல்ல வாப்பா, உங்களால வெக்கம் இல்லண்டு.

ஜூன் 16
ஏழாம் நாள். வீடு நிறைய ஆட்கள். உம்மா, புருஷன் மௌத்தானால் ஒதுங்கியிருக்கும் இத்தாவில், உள்ளறையில். கதவு திறந்திருந்தது.

சாச்சி எல்லார் முன்னாலும் கேட்டா: "இனி என்ன செய்யப் போற ஸுமைரா? செலவுக்கு ஒன்லைன் கிளாஸ் மட்டும் காணுமா?"

"கிளாஸ் ஒண்டும் இல்ல சாச்சி. ரோல்ஸ் போட்டு கடைக்குக் குடுக்கிறேன். வாப்பாட மருந்தும் அதுலதான் வந்திச்சி. அவர்தான் கிழங்கு உரிச்சார்."

"டிகிரி முடிச்சிட்டா ரோல்ஸ் போடுற?"

"ஓ. முடிச்சிட்டுத்தான்."

நான் குனியவில்லை. உள்ளே உம்மா அழும் சத்தம்.

ஜூன் 24
திரும்ப ரோல்ஸ் போடத் தொடங்கினேன். கிழங்கு உரிக்க ஆளில்லை. நேரம் போதவில்லை. பஸ் போய்விட்டது.

ஆகஸ்ட் 2
ஷிராஸ் நானா கட்லட்டும் கேட்கிறார். இன்று எதுவும் திரும்பி வரவில்லை. காலையில் பஸ்ஸில் றிப்தாவைக் கண்டேன், பேராதனையில் என்னோடு படித்தவள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஒன்று எடுத்துத் தின்றாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தேன்?

செப்டம்பர் 15
மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிக்கொண்டிருக்கும்போது சாச்சியின் போன். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், ரோல்ஸ் வேணுமாம்.

"கடையில எடுத்ததுண்டு வாறவங்களுக்குச் சொல்லிக்கொள்றன், என்ன?" என்றா.

"இல்ல சாச்சி. ஸுமைரா போட்டதுண்டு சொல்லுங்க."

"சரி மகள்" என்றா.

எண்ணெய் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக இறக்கினேன்.