தாத்தாவுக்கு ஒதுக்கிய நாற்காலிகள்

பம்மல்
ஞாயிறு மாலை

அன்பு மகள் அபிகாயிலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், தாத்தாவும் அவர் கணக்கில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், பக்கத்துக் கட்டிலில் தாத்தா காது கொடுப்பார், அதனால்தான் நம் தெரு ஜோஸ்வின் அங்கே வரும்போது முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் தாத்தா கண்ணே திறக்காமல் கிடந்தாரே, அப்போது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. ஈரல் புற்றுநோய் கடைசிக் கட்டம், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார் அல்லவா, நானும் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். குளிக்கும்போதெல்லாம் உனக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பேன், பார்த்துப் பார்த்து அங்கேயே அழுது முடித்துவிடுவேன். கைதான் சும்மா இருக்காதே, குடோனில் நல்ல வெள்ளை நாற்காலிகளாகப் பொறுக்கிக் கழுவி, ஷாமியானாவோடு ஓரமாக அடுக்கினேன். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தே பிழைத்தவள், என் அப்பாவின் அடக்கத்துக்கு உடைந்த காலோடு ஒன்று போனால் நன்றாகவா இருக்கும்? அஸ்தினாபுரம் வில்பிரட் சார் மகள் ரிசப்ஷனுக்குக் கேட்டு வந்தபோது, ஸ்டாக் இல்லை சார் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் வேடிக்கை. காய்ச்சலுக்கு மருந்து ஏற்றி, வயிற்றில் கட்டியிருந்த நீரையும் ஊசி வைத்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மனுஷன் சாய்ந்து உட்கார்ந்து, "மெட்டில்டா, வஞ்சிரம் கெடைக்குமா?" என்கிறார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? முதலில் வந்தது சந்தோஷமில்லை பாப்பா. ஐயோ, இன்னும் முடியலையா, மறுபடி முதலிலிருந்தா என்றுதான் வந்தது. உடனே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குடோனில் அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஷீலா சிஸ்டரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் அதிர்ச்சியே அடையவில்லை. "நீங்க அவர் போணும்னு நெனைக்கல அக்கா, இந்தப் பாடு முடியணும்னு நெனைக்கறீங்க. பாதி வீட்ல இதையேதான் அழுதுகினே சொல்றாங்க. போறதுக்கு முன்னாடியே துக்கம் ஆரம்பிச்சுடும், அப்பப்ப அப்பாடான்னும் இருக்கும், ரெண்டும் சேர்ந்துதான் வரும்" என்றாள். இந்த ஏற்றம் நிலைக்காது, நல்ல நாளை நல்ல நாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். வலிக்கான மார்ஃபின் மாத்திரையை வலி வந்தபின் தேடாமல் நாலு மணி நேரத்துக்கொரு தரம் தவறாமல் கொடுங்கள், மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் நிறுத்தாதீர்கள், சாப்பாட்டைத் திணிக்காதீர்கள், உடம்பு இப்போது கேட்பதே கொஞ்சம்தான் என்றாள். திணித்தது நான்தான், இப்போது விட்டுவிட்டேன். ராத்திரி உன் அப்பாவும் முறை மாற்றிக்கொள்கிறார், தூங்கிய பிறகு எனக்கும் மூளை வேலை செய்கிறது.

தாத்தாவை ஏமாற்ற முடியுமா? ஜன்னல் வழியாக குடோனையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள், "கல்யாண சீசன்ல இவ்ளோ சேர் சும்மா நிக்குதே, எனக்கா?" என்று கேட்டார். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடப் போனேன். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, வயிறு வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டே சிரிக்கிறார். "நான் லேட் பண்ணா உனக்குத்தான் நஷ்டம்டி. அனுப்பு, போயிட்டு வரட்டும். நான் இன்னும் கெளம்பல" என்றார். வில்பிரட் சாருக்கு அன்றைக்கே போன் போட்டேன், திடீரென்று ஸ்டாக் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதற்கு, முதலில் புக் செய்திருந்த பார்ட்டி, தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்றேன். அதைக் கேட்டு தாத்தா மறுபடி ஒரு சிரிப்பு. நேற்று வண்டி திரும்பி வந்தது, சீட்டெல்லாம் ஐஸ்கிரீம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஒரு தரம்தான் லீவு கிடைக்கும், எப்போது வரட்டும் என்று நீ கேட்டாய், கடைசிக்கு வா என்று நான் சொன்னேன். அது தப்புக் கணக்கு. அடக்கத்துக்கு வந்தால் நீ அவரைப் பார்ப்பாய், அவர் உன்னைப் பார்க்க மாட்டார். இப்போதே வா. மீனில் இரண்டு விரற்கடை சாப்பிடுகிறார், அரை மணி பேசுகிறார், பிறகு அசந்துவிடுகிறார். அந்த அரை மணிக்கு வா. பிறகு அடக்கத்துக்கு வர முடியாவிட்டால் நீயும் குமையக் கூடாது, யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன். அவர் போகும் அன்று எனக்கு அப்பாடா என்றிருந்தால் அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. டிக்கெட் போட்டதும் சொல். ஸ்வெட்டர் மூட்டை கட்டி வராதே, இங்கே வேர்த்து ஊற்றுகிறது. கழுவியதில் ஒரு நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அது யாருக்கு என்று தாத்தாவுக்குத் தெரியும், அதை மட்டும் வாடகைக்கு விடாதே என்று தினமும் சொல்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவுக்காக மீன்காரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கும்
அம்மா மெட்டில்டா